சிவப்பு டேப்பும் செவ்வாய்க்கிழமையும்

மூன்றாம் தேதி சாயங்காலம், கடையில் நல்ல கூட்டம். மாசச் சாமான் லிஸ்ட்டோடு ஒரு அம்மா வந்தார். துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து 2 கிலோ, புளி அரைக் கிலோ என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கிக்கொண்டே வந்தார். ஐந்தாவது வரி சன்ஃபிளவர் எண்ணெய், ஐந்து பாக்கெட். கடையில் ஒன்றுகூட இல்லை. "நாளைக்கு வந்துடும்மா, வீட்டுக்கே கொடுத்து அனுப்பிடறேன்" என்றார். அந்த அம்மா லிஸ்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இருக்கட்டும் அண்ணாச்சி, மெயின் ரோட்டுல எல்லாத்தையும் ஒண்ணா வாங்கிக்கறேன்" என்று போய்விட்டார். எடுத்து வைத்த பருப்பையும் புளியையும் மறுபடி அதனதன் இடத்தில் வைத்தது நான்தான்.

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் மளிகைக் கடை. கல்லாவில் அவர், கணக்கில் நான். எண்ணெய் பாக்கெட்டில் எங்களுக்குப் பெரிய லாபம் கிடையாது. ஆனால் எண்ணெய் இல்லையென்றால் லிஸ்ட்டே கை நழுவிவிடும். அன்றைக்குப் போனது ஐந்து பாக்கெட் எண்ணெய் இல்லை, ஒரு வீட்டின் ஒரு மாதச் சாமான்.

அதுவரை எங்களிடம் இருந்த ஒரே விதி மாமனார் காலத்தது: "ரெண்டு பெட்டி மிச்சம் இருக்கும்போதே சொல்லிடணும்." ஒரு பெட்டிக்கு 10 பாக்கெட். அவர் காலத்தில் அது நாலைந்து நாளுக்குத் தாங்கியிருக்கும். தெருவுக்குத் தெரு அடுக்குமாடி வந்த பிறகும் அதே இரண்டு பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நீள நோட்டு வாங்கி, எண்ணெய்க்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கினேன். இடது பக்கத்தில் தினம் எத்தனை விற்றது. வலது பக்கத்தில் ஆர்டர் கொடுத்த நாள், சரக்கு இறங்கிய நாள், இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள். மூன்று மாதம் எழுதினேன்.

இடது பக்கத்தைக் கூட்டியபோது 90 நாளில் 900 பாக்கெட். நாளுக்கு 10 என்று எழுதப் போனேன். அப்புறம்தான் உறைத்தது, அதில் 15 நாள் சரக்கே இல்லை. இல்லாத நாளில் விற்பனை பூஜ்யம் என்றால் கேட்டவர்களும் பூஜ்யம் என்று அர்த்தமில்லையே. சரக்கு இருந்த 75 நாளால் வகுத்தேன், 12 வந்தது. இதைக் கவனிக்காத கடை ஒரு சுழலில் மாட்டிக்கொள்ளும். சரக்கு தீர்ந்ததால் சராசரி குறையும், சராசரி குறைந்ததால் குறைவாக வாங்குவோம், குறைவாக வாங்கியதால் இன்னும் சீக்கிரம் தீரும். காலை பத்து மணிக்கே தீர்ந்துபோன நாளையும் இல்லாத நாளாகத்தான் எண்ண வேண்டும். அதற்காகத் தீர்ந்த நேரத்தையும் இப்போது எழுதி வைக்கிறேன்.

வலது பக்கம்தான் வேடிக்கை. ஏஜென்சி சேல்ஸ்மேன் தம்பி ஆர்டர் எடுக்கும்போதெல்லாம் சொல்வது, "ரெண்டே நாள்க்கா." மூன்று மாதத்தில் 12 முறை சரக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் வருவதற்கு ஆன நாட்கள் இவை: 2, 2, 3, 2, 5, 3, 2, 7, 3, 2, 8, 3. தம்பி சொன்னது முழுப் பொய்யும் இல்லை, 12-ல் ஐந்து முறை இரண்டே நாளில்தான் வந்திருக்கிறது. சராசரி மூன்றரை நாள்.

நாளுக்கு 12, மூன்றரை நாள் காத்திருப்பு, ஆக 42 பாக்கெட் இருக்கும்போது ஆர்டர் கொடுத்தால் போதும் என்று தோன்றும். அது எல்லாம் சராசரிப்படி நடந்தால்தான். ஏழு நாள், எட்டு நாள் ஆகிற வாரத்துக்கு மேற்கொண்டு கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும். காமர்ஸ் புத்தகத்தில் இதைக் காப்பு இருப்பு என்று போட்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் வைத்த பெயர் 'பயச் சரக்கு'. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பயத்துக்கு ஒரு அளவு வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அளவைப் போட என் சொந்தத் தம்பி உதவினான். ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். போனில் ஷீட்டைத் திறந்து இப்படி ஒரு வரி அடித்துக் கொடுத்தான்:

```
=1.65*SQRT(3.5*4^2 + 12^2*2^2)
```

3.5 என்பது சரக்கு வரச் சராசரியாக ஆகும் நாள், 12 ஒரு நாள் விற்பனை. நடுவில் இருக்கும் 4, விற்பனை நாளுக்கு நாள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு. கடைசியில் இருக்கும் 2, சரக்கு வரும் நாள் எவ்வளவு முன்னே பின்னே ஆகிறது என்பதன் அளவு. இரண்டையும் ஷீட்டில் STDEV போட்டால் அதுவே சொல்லிவிடும். 1.65 என்பது நூற்றுக்கு 95 முறை சரக்கு தீராமல் இருந்தால் போதும் என்று நாமாக ஒத்துக்கொள்வது. விடை 41 சொச்சம். 42-ஐயும் 41-ஐயும் கூட்டினால் 83.

இந்த வரியில் எனக்குப் பயன்பட்டது விடையைவிட வேறொன்று. கடைசி 2-ஐ எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டுப் பார்த்தேன், அதாவது ஏஜென்சி ஒரு நாளும் தவறாமல் சொன்ன நாளில் வருகிறது என்று. பயச் சரக்கு 41-லிருந்து 12-க்கு இறங்கியது. பிறகு அதைத் திருப்பி வைத்து, விற்பனையின் 4-ஐப் பூஜ்யமாக்கினேன். 40-ல் நின்றது. "இந்த வாரம் யார் எவ்வளவு வாங்குவார்கள்" என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தோமே, அதற்கும் எங்கள் குடோனில் அடைந்து கிடக்கும் பெட்டிகளுக்கும் சம்பந்தமே இல்லை. கிட்டத்தட்ட அத்தனையும் வண்டி வராததற்காக வைத்திருப்பது.

இந்தச் சூத்திரமே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நாட்டு வழி உண்டு. கடைசி 12 முறையில் மிக மோசமானதை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததை எடுங்கள். எங்களுக்கு அது 7 நாள். ஏழு பன்னிரண்டு 84. சூத்திரம் சொன்ன 83-க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. எல்லாச் சாமானுக்கும் இப்படிப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நோட்டும் பேனாவும் மட்டும் இருக்கிற கடைக்கு இது போதும்.

குடோன் சுவரில் எண்ணெய்ப் பெட்டி அடுக்கும் இடத்தில் எட்டுப் பெட்டி உயரத்துக்குச் சிவப்பு டேப் ஒட்டினேன். கோட்டுக்குக் கீழே போனால் ஆர்டர். எண்ணவே வேண்டாம், பார்த்தால் போதும்.

மூன்றாவது வாரமே மறுபடி எண்ணெய் தீர்ந்தது.

தப்பு எங்கே என்று பார்க்க நோட்டைத்தான் புரட்டினேன். சேல்ஸ்மேன் எங்கள் லைனுக்கு வருவது செவ்வாய்க்கிழமை மட்டும். அந்தச் செவ்வாய் இருப்பு 90. கோட்டுக்கு மேலே இருக்கிறதே என்று ஆர்டர் கொடுக்கவில்லை. புதன்கிழமையே கோட்டுக்குக் கீழே போயாயிற்று, ஆனால் சொல்ல ஆள் இல்லை. அடுத்த செவ்வாய் எண்ணியபோது 6 பாக்கெட். அன்று கொடுத்த ஆர்டர் மூன்றே நாளில் வந்தது, இருந்தும் நடுவில் இரண்டு நாளுக்கு மேல் கை விரித்தோம்.

நான் போட்ட கணக்கு, நினைத்த நிமிடத்தில் ஆர்டர் கொடுக்க முடிகிற ஆளுக்கானது. லைன் நாளுக்குக் காத்திருக்கிற கடைக்குக் கேள்வியே வேறு: இன்றைக்கு விட்டால் அடுத்து எப்போது சொல்ல முடியும், அப்படிச் சொன்னது எப்போது வந்து சேரும்? ஏழு நாள் காத்திருப்பு, அதன்மேல் வண்டி எடுக்கும் நாள். மோசமான வாரத்தில் இரண்டும் சேர்ந்து 14 நாள், அதாவது 168 பாக்கெட். பாக்கெட் 140 ரூபாய் என்று வைத்தால்கூட 23,500 ரூபாய் ஒரே ஒரு சாமானில் முடங்கும்.

சேல்ஸ்மேன் தம்பியிடம் பேசினேன். "வாரத்துல ரெண்டு தடவை உன்னால வர முடியாதுன்னு தெரியும். வெள்ளிக்கிழமை நான் வாட்ஸ்ஆப்ல போட்டா பில் போடுவியா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழைய பில் பாக்கி இல்லாம இருந்தா போடலாம்க்கா" என்றான். பாக்கி நிற்கிற கடையின் ஆர்டரை ஏஜென்சியில் பில் போடாமல் நிறுத்தி வைப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த எட்டு நாள் தாமதத்தில் எங்கள் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து எண்ணெய் பில்லைத் தள்ளிப்போடுவதில்லை. செவ்வாய், வெள்ளி என்று ஆனதும் அதிகபட்சக் காத்திருப்பு ஏழு நாளிலிருந்து நாலு நாளாகக் குறைந்தது. நாளுக்கு 12 வீதம் 36 பாக்கெட், ஐயாயிரம் ரூபாய்ச் சரக்கு குறைவாக வைத்தால் போதும். ஒரு வாட்ஸ்ஆப் செய்திக்கு இது மோசமில்லை.

நடுவில் இன்னொரு கூத்து நடந்தது. ஒரு செவ்வாய் ஆறு பெட்டி சொல்லியிருந்தோம். வெள்ளிக்கிழமை வரை வரவில்லை. பெட்டி அடுக்கு கோட்டுக்கு ரொம்பக் கீழே. பயந்துபோய் மறுபடி ஆறு போட்டேன். திங்கட்கிழமை காலை ஒரே வண்டியில் பன்னிரண்டு பெட்டியும் இறங்கின. குடோனில் இடமில்லாமல் நாலு பெட்டி வீட்டு வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அடுத்த வாரம் எண்ணெய் விலையும் இறங்கியது.

கோட்டோடு ஒப்பிட வேண்டியது கையில் இருப்பதை மட்டும் இல்லை, கையில் இருப்பதும் வர வேண்டியதும் சேர்ந்ததை. இது தெரிந்த பிறகு டேப்புக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு மாட்டினேன். ஆர்டர் கொடுத்ததும் அதில் 'வர வேண்டியது 6'. இறங்கியதும் அழிக்க வேண்டும். இதிலும் ஒரு பொறி உண்டு. ஆறு சொன்னால் சில சமயம் நாலுதான் வரும். மீதி இரண்டு பின்னால் வரும் என்று சிலேட்டில் விட்டு வைக்காதீர்கள், எங்களுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. பில்லில் இல்லாதது வராது. வண்டி போனதும் பில்லைப் பார்த்துச் சிலேட்டைத் துடைத்துவிட வேண்டும். ஆர்டர் சொல்லி மூன்று நாளாகியும் வண்டி வரவில்லையென்றால் பில் விழுந்ததா என்று கேட்டுவிட வேண்டும். விழாத பில்லை நம்பிச் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது, சிலேட்டே இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

இத்தனைக்குப் பிறகும் மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும் உதைத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அந்த 12 எண்களையும் தேதியோடு சேர்த்துப் பார்த்தேன். 5, 7, 8 ஆகிய மூன்றுமே மாதக் கடைசியிலோ மாதம் பிறந்த உடனேயோ கொடுத்த ஆர்டர்கள். மற்ற ஒன்பதில் ஒன்றுகூட மூன்று நாளைத் தாண்டவில்லை. ஏஜென்சியைப் 'பொறுப்பில்லாதவர்கள்' என்று திட்டிக்கொண்டிருந்தோம். உண்மையில் அவர்கள் மாதத்தில் மூன்று வாரம் கடிகாரம் மாதிரி வந்திருக்கிறார்கள்.

சேல்ஸ்மேன் தம்பியிடம் கேட்டேன். சிரித்தான். "மாசக் கடைசியில டார்கெட்டுக்கா. எல்லாக் கடைக்கும் பில்லாப் போட்டுத் தள்ளுவோம், வண்டி பத்தாது. ஒண்ணாந் தேதி குடோனே துடைச்ச மாதிரி இருக்கும். கம்பெனி லோடு இறங்க அஞ்சு தேதி ஆயிடும்."

எங்கள் பக்கம் பார்த்தால் சம்பளம் வருவதும் அப்போதுதான். இடது பக்கத்தையும் பிரித்துக் கூட்டினேன். 1-லிருந்து 7 வரை நாளுக்கு 18 பாக்கெட், மற்ற நாளில் 10. என் சொந்தத் தம்பி கொடுத்த சூத்திரம் எங்கே தவறுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. விற்பனை ஏறுவதும் வண்டி தாமதமாவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நடக்கும் என்று அது நினைத்துக்கொள்கிறது. அதனால்தான் 12-ம் 40-ம் கூட்டினால் 52 ஆக வேண்டியது அதில் 41 ஆகக் குறைகிறது. இரண்டு கெட்டதும் ஒரே நாளில் விழுவது அபூர்வம் என்பது அதன் கணக்கு. எங்கள் கடையில் இரண்டும் மாதா மாதம் சொல்லி வைத்தாற்போல ஒரே வாரத்தில் விழுகின்றன. ஆகவே 84 என்ற கோடு மாத நடுவில் தேவைக்கு அதிகம், முதல் வாரத்தில் எட்டு நாள் தாமதத்துக்கு, ஏழு நாள் 126-ம் எட்டாவது நாள் 10-ம் சேர்த்து 136 வேண்டியிருக்கும்போது எதற்கும் போதாது.

இப்போது இரண்டு கணக்கு வைத்திருக்கிறோம். சாதாரண நாட்களுக்கு, ஆர்டர் இடைவெளி நாலு நாள், வண்டிக்கு மூன்று நாள், நாளுக்கு 10 வீதம் 70, கைக்காவலுக்கு இன்னொரு பெட்டி, ஆக எட்டுப் பெட்டி. பழைய டேப்பையே கிழிக்க வேண்டியிருக்கவில்லை, காரணம்தான் மாறியது.

மாதம் பிறக்கிற சமயத்துக்குக் கோட்டை உயர்த்துவதற்குப் பதிலாக ஆர்டரையே முன்னால் தள்ளிவிட்டோம். நெரிசல் தொடங்குவதற்கு முன் கடைசி லைன் நாளில் முதல் வாரத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுவது. ஒரு மாதம் அப்படிப் போட்ட கணக்கைச் சொல்கிறேன். செவ்வாய் 25-ம் தேதி. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஆர்டரை நம்புவதில்லை, ஆகவே அடுத்த ஆர்டர் 2-ம் தேதிதான். அது எட்டு நாள் இழுத்தால் 10-ம் தேதி. ஆக 10 வரை தாக்குப்பிடிக்க வேண்டும். 25 முதல் 30 வரை ஆறு நாளுக்கு 60, முதல் ஏழு நாளுக்கு 126, அப்புறம் மூன்று நாளுக்கு 30, மொத்தம் 216. கையில் 52 இருந்தது, வர வேண்டியது எதுவும் இல்லை. 164 வேண்டும், 17 பெட்டி சொன்னேன். 27-ம் தேதி இறங்கியது. 2-ம் தேதி ஆர்டர் அந்தத் தடவை ஆறு நாளில், 8-ம் தேதி வந்தது, அன்று காலை மூன்று பெட்டிக்கு மேல் மிச்சம் இருந்தது.

17 பெட்டி சொல்லும்போது வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "பாரிமுனையில ரொக்கம் கொடுத்தா எப்ப வேணாலும் கிடைக்குமே, எதுக்கு இவ்வளவு?" என்றார். நியாயமான கேள்விதான். 40 பாக்கெட் கூடுதலாக மாதம் முழுக்க வைத்திருந்தால் 5,600 ரூபாய், இரண்டு வட்டி போட்டால் மாதம் 112 ரூபாய். மடிப்பாக்கத்திலிருந்து பாரிமுனை கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குச் சரக்கேற்ற ஆட்டோவில் போய் வருவதற்கு 112 ரூபாய் எங்கே காணும்? கடையில் அரை நாள் ஒரு ஆள் வேறு குறையும். எண்ணெய்க்கு வைத்துக்கொள்வதே மலிவு. மாதத்தில் நாலு பாக்கெட் போகிற சாமானுக்கு இதே வாதம் செல்லாது. அது தீர்ந்தால் தீரட்டும். தயிர், பிரெட்டுக்கும் செல்லாது, அவை கெட்டுப்போகும். இந்த நோட்டு எங்கள் கடையில் 22 சாமானுக்குத்தான் இருக்கிறது.

மழைக்காலத்தைப் பற்றிக் கேட்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் வடிய நாட்கள் ஆயின, எந்த வண்டியும் வரவில்லை. அப்படி ஒரு வாரம் நோட்டில் விழுந்தால் நான் அதைச் சராசரியில் சேர்ப்பதில்லை, ஓரத்தில் தனியாகக் குறித்து வைப்பேன். ஒரு புயலுக்காக ஆண்டு முழுக்க இரண்டு வாரச் சரக்கை அடுக்க முடியாது. அதைவிட, அடுக்கினால் அடிப் பெட்டிதான் முதலில் நனையும். அக்டோபர் பிறந்ததும் அட்டைப் பெட்டிகளைத் தரையிலிருந்து மரப் பலகைமேல் ஏற்றிவிடுவேன். புயல் எச்சரிக்கை வந்தால் அந்த வாரத்துக்கு மட்டும் தனி ஆர்டர்.

போன மாதம் எங்கள் ஏரியா வேறு ஏஜென்சிக்கு மாறியது. புது சேல்ஸ்மேன், வியாழக்கிழமை லைன். அவரும் "ரெண்டே நாள்க்கா" என்றுதான் சொன்னார். பழைய 12 எண்களின் கீழே கோடு இழுத்துவிட்டுப் புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறேன். அது நிரம்புகிற வரைக்கும் டேப்பை ஒரு பெட்டி உயர்த்தி ஒட்டியிருக்கிறேன். இதுவரை மூன்று முறை இறங்கியிருக்கிறது: 2, 4, 2. மாதக் கடைசி இன்னும் வரவில்லை.